டைம்லைனில் 200 வெட்டு, மூல ஃபைலில் ஒரு கீறல்கூட இல்லை

2024 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பாட்டி மொட்டை மாடியில் கூழ் வடகம் போட்டார். மாவைக் கிளறுவதிலிருந்து வெள்ளை வேட்டியில் கரண்டியால் ஊற்றி முடிக்கும்வரை என் போனில் எடுத்தேன். மொத்தம் 23 ஃபைல், ஒரு மணி 50 நிமிடம், கிட்டத்தட்ட 14 ஜிபி. "இன்னொரு தடவையெல்லாம் உனக்காகக் கிண்ட மாட்டேன், எடுத்ததை ஒழுங்கா வச்சுக்கோ" என்று பாட்டி அன்றைக்கே சொல்லிவிட்டார். இதைப் 12 நிமிடப் படமாக வெட்டியபோது என்னென்ன நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு. மென்பொருள் கேடன்லைவ், ஓடியது லினக்ஸ் மடிக்கணினியில். வேறு எடிட்டர் வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதேதான், பட்டன்களின் பெயர்தான் மாறும்.

முதலில் ஒரு பழைய தப்பு. போன வருடம் ஒரு வளைகாப்பு வீடியோவை நான் வெட்டிய விதம் இப்படி: வேண்டாத இடத்தை வெட்டி எக்ஸ்போர்ட் செய்வது, அந்தப் புது ஃபைலைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து நிறம் சரிசெய்து மறுபடி எக்ஸ்போர்ட், அதன்மேல் பாட்டு சேர்த்து இன்னொரு எக்ஸ்போர்ட். இடம் போதவில்லை என்று நடுவில் பழைய ஃபைல்களை அழித்தும்விட்டேன். மூன்றாவது சுற்றில் சாம்பிராணிப் புகை கட்டம் கட்டமாகத் தெரிந்தது. போன் வீடியோ ஏற்கெனவே நன்றாக நசுக்கிச் சுருக்கப்பட்டது, ஒவ்வொரு எக்ஸ்போர்ட்டிலும் அதை விரித்து மறுபடி நசுக்குகிறோம். முகத்தில் அவ்வளவாகத் தெரியாது. புகை, நீராவி, மாலை நேர வானம் மாதிரி மெதுவாக நிறம் மாறும் இடங்களில் முதலில் தெரிந்துவிடும். அந்த வீடியோவுக்கு இன்று மூல ஃபைல் என்று எதுவும் என்னிடம் கிடையாது.

அதனால் இந்தத் தடவை எடிட்டரைத் திறப்பதற்கு முன்னாலேயே ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தேன். எடிட்டர் மூலத்தைத் தொடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதைக் கண்ணால் பார்த்துவிடலாமே என்றுதான். போனிலிருந்து எடுத்த 23 ஃபைலையும் `moolam` என்ற ஒரு ஃபோல்டரில் போட்டு, இதைச் செய்தேன்:

```
cd ~/vadagam/moolam
sha256sum *.mp4 > ../moolam.sha256
chmod a-w *.mp4 .
```

இரண்டாவது வரி ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை எடுத்து வெளியே எழுதி வைக்கிறது. ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் கைரேகை வேறாகிவிடும். மூன்றாவது வரி ஃபைல்களையும் ஃபோல்டரையும் படிக்க மட்டும் என்று பூட்டுகிறது. கடைசியில் இருக்கும் அந்தப் புள்ளியை விட்டுவிடாதீர்கள். ஃபைலை மட்டும் பூட்டினால் உள்ளே எழுத முடியாது, ஆனால் ஃபைலையே தூக்கிக் குப்பையில் போட முடியும், ஏனென்றால் அழிக்கும் அனுமதி ஃபோல்டரிடம் இருக்கிறது.

அப்புறம் ஒரு நகல். போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும், இதை அப்படியே டைம்லைனில் போட்டால் நேரம் போகப் போக உதட்டசைவும் குரலும் விலகும். அதற்காக எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைக் கருவியால் எல்லாவற்றையும் சீரான 30 ஃபிரேமுக்கு மாற்றி `cfr` என்ற வேறு ஃபோல்டரில் வைத்தேன்:

```
cd ~/vadagam
mkdir -p cfr
ffmpeg -i moolam/VID_20240512_061204.mp4 -r 30 \
  -c:v libx264 -crf 14 -c:a pcm_s16le \
  cfr/VID_20240512_061204.mov
```

இதிலும் ஒரு தடவை நசுக்கல் உண்டு, ஆனால் `-crf 14` என்ற அளவில் கண்ணுக்குத் தெரியாது, ஃபைல்தான் பெரிதாகும். எஃப்எஃப்எம்பெக்கில் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் ஒரே பெயரைக் கொடுத்துப் பார்த்தால் `FFmpeg cannot edit existing files in-place.` என்று சொல்லி நின்றுவிடும். தூக்கக் கலக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு அது ஒரு நல்ல காவல்.

சரி, வெட்டத் தொடங்கினேன். பாட்டி கூழைக் கிளறிக்கொண்டே பேசும் ஃபைல் ஒன்று 11 நிமிடம். அதில் ரேஸர் கருவியால் கண்டபடி வெட்டி, பாதியைத் தூக்கிப் போட்டு, மீதியை முன்னும் பின்னுமாக மாற்றி அடுக்கியதில் டைம்லைன் முழுக்கத் துண்டு துண்டாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மாமா கேட்டார், "வெட்டினதெல்லாம் எங்கடா போகுது? குப்பைத் தொட்டியிலயும் காணோமே."

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குப் பதில் ப்ராஜெக்டை சேவ் செய்து, அந்த `.kdenlive` ஃபைலைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து காட்டினேன். கேடன்லைவின் ப்ராஜெக்ட் ஃபைல் வெறும் எழுத்துதான், எக்ஸ்எம்எல். 200 வெட்டுக்குப் பிறகும் அது ஒரு எம்பியைத் தொடவில்லை. 14 ஜிபி படம் அதற்குள் இருக்க வழியே இல்லை, இல்லையா? உள்ளே தேடினால் ஒரு துண்டுக்கு இப்படி ஒரு வரி இருக்கிறது (சுருக்கிக் காட்டுகிறேன்):

```xml
<entry producer="chain3"
  in="00:04:12.267" out="00:04:19.733"/>
```

`chain3` என்பது அந்த 11 நிமிட ஃபைல். அது வட்டில் எங்கே இருக்கிறது என்பது வேறொரு இடத்தில் ஒருமுறை எழுதப்பட்டிருக்கிறது. இந்த வரி சொல்வது இவ்வளவுதான்: அந்த ஃபைலில் 4 நிமிடம் 12 சொச்ச விநாடியில் ஆரம்பித்து 4 நிமிடம் 19 சொச்சம் வரை காட்டு. கடைசி ஃபிரேமையும் சேர்த்து 225 ஃபிரேம், அதாவது ஏழரை விநாடி. ஒலித் தடத்தில் இதே மாதிரி இன்னொரு வரி. ரேஸரால் வெட்டினால் நடப்பது, ஒரு வரி இரண்டு வரியாகிறது, எண்கள் மாறுகின்றன. அழித்தால் வரி போகிறது. ஃபைலின் பக்கம் யாரும் போவதே இல்லை.

மாமா பத்திர எழுத்தர் ஒருவரிடம் ரொம்ப நாள் வேலை பார்த்தவர், அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரி. வடக்கே இவ்வளவு, தெற்கே இவ்வளவுன்னு எழுதுவோம், நிலத்தை யாரும் வெட்டி எடுத்துட்டுப் போறதில்ல." இதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

முதல் வடிவத்தைத் தங்கைக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். "அண்ணா, பாட்டி உப்பை ருசி பார்த்துட்டு முகத்தைச் சுளிக்கிற இடம் ஒண்ணு இருந்துச்சே, அதை ஏன் எடுத்துட்ட?" நான் மேலே காட்டிய அதே துண்டுதான். உப்பைப் போட்டவுடன் வெட்டியிருந்தேன், சுளிப்பது அதற்கப்புறம். டைம்லைனில் அந்தத் துண்டின் வலது ஓரத்தைப் பிடித்து இழுத்தேன், வெட்டிய இடத்துக்கு அப்பால் இருந்த படம் அப்படியே வெளியே வந்தது. சேவ் செய்து பார்த்தால் வரியில் `out` மட்டும் `00:04:23.400` என்று மாறியிருக்கிறது. 225 ஃபிரேம் 335 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த இடைப்பட்ட நாட்களில் ப்ராஜெக்டை எத்தனையோ முறை மூடித் திறந்திருக்கிறேன், அன்டூ வரலாறு மூடும்போதே போய்விடும். இங்கே உதவியது அன்டூ இல்லை, அந்த 110 ஃபிரேமும் ஃபைலில் எப்போதும் அங்கேயே இருந்ததுதான். இதற்கு எல்லை, நான் பதிவு பட்டனை அழுத்திய நொடியும் நிறுத்திய நொடியும். அதைத் தாண்டி இழுத்தால் ஓரம் நகராது. ஆகையால் எடுக்கும்போதே முன்னும் பின்னும் ஐந்து விநாடி விட்டுப் பிடிப்பதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டேன்.

நிறத்திலும் இதே கதை. ஆறு மணிக்கு மாடி நீலமாக இருந்தது, எட்டு மணிக்கு மஞ்சள். இரண்டையும் ஒட்டவைக்க நிறத்தை மாற்றி மாற்றி மூன்று முறை வேறு வேறாக வைத்துப் பார்த்தேன், மூன்றாவது நாளும் அடுப்பிலிருந்து எழும் ஆவி முதல் நாள் மாதிரியே மிருதுவாக இருந்தது. வளைகாப்பு வீடியோவில் கட்டம் விழுந்த இடம் இதுதானே. இங்கே ஏன் விழவில்லை என்றால், எஃபெக்டும் ப்ராஜெக்டில் எழுத்தாகத்தான் இருக்கிறது. உதாரணமாக ஒலியைக் கூட்டியது:

```xml
<filter>
  <property name="mlt_service">volume</property>
  <property name="level">00:00:00.000=6</property>
</filter>
```

6 டெசிபல் கூட்டு என்று ஒரு குறிப்பு. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் மென்பொருள் `cfr` ஃபைலிலிருந்து ஃபிரேமை எடுத்து, குறிப்பில் உள்ளதைக் கணக்கிட்டுத் திரையில் காட்டிவிட்டு மறந்துவிடுகிறது. நேற்று போட்ட நிறத்தின் மேல் இன்றைய நிறம் படிவதில்லை, எப்போதும் ஃபைலிலிருந்துதான் கணக்கு தொடங்குகிறது. இதற்கு விலை கணினி படும் பாடு. என் பழைய மடிக்கணினியில் மூன்று எஃபெக்ட் சேர்ந்தாலே படம் தடுக்கித் தடுக்கி ஓடியது.

ஆனால் ஃபைலிலேயே இல்லாததை இது கொண்டுவராது. நடுவில் ஒரு காக்கை வடகத்தின் மேல் உட்காரப் போக, பாட்டி போனுக்குப் பக்கத்திலிருந்து "ஏய் ஷூ!" என்று போட்ட சத்தத்தில் மைக் திணறிவிட்டது. ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் முகடுகள் கூராக இல்லாமல் ரம்பத்தால் அறுத்த மாதிரி தட்டையாக நிற்கின்றன. ஒலியைக் குறைத்தேன், தட்டை சிறிய தட்டையானது, கரகரப்பு அப்படியே. அந்தக் கூச்சலைக் கடைசியில் அப்படியேதான் விட்டேன், காக்கை பறந்ததே அதனால்தான்.

இனி நான் செய்த பெரிய கோளாறு. `cfr` ஃபைல்களில் ஒன்றில் முதல் 40 விநாடி வெறும் மாடித் தரை, போனை எங்கே நிறுத்துவது என்று தேடிக்கொண்டிருந்தது. வட்டில் இடம் குறைவாக இருந்ததால், அந்த நகலை மட்டும் `-ss 40` போட்டு மறுபடி உருவாக்கினேன். பெயர் அதேதான். "பழையதன் மேல் எழுதவா?" என்று கேட்டது, `y` தட்டினேன். கேடன்லைவ் திறந்தேதான் இருந்தது, ஃபைல் மாறியதைக் கவனித்துத் தானே மறுபடி ஏற்றிக்கொண்டது. அப்புறம் ஓட்டிப் பார்த்தால், பாட்டி கரண்டியால் முதல் வடகத்தை ஊற்றும் இடத்தில் காலி வேட்டி நாலு மூலையிலும் கல் வைத்து விரித்துக் கிடக்காமல், அதில் ஏற்கெனவே சில வடகமும் யாருடைய காலோ தெரிகிறது. அந்த ஃபைலிலிருந்து எடுத்த 17 துண்டும் 40 விநாடி முன்னால் ஓடிப்போயிருந்தன.

யோசித்தால் காரணம் மேலே உள்ள வரியிலேயே இருக்கிறது. ப்ராஜெக்டுக்குத் தெரிந்தது ஃபைலின் பாதையும் இரண்டு நேரமும் மட்டும், 4 நிமிடம் 12 விநாடியில் உப்பு இருக்கிறதா காக்கை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. நிலத்தையே 40 அடி நகர்த்திவிட்டுப் பத்திரத்தை வைத்து அளந்தால் என்ன ஆகும், அதுதான் ஆயிற்று. ஒரு ஃபைலின் துண்டுகள் மட்டும், எல்லாமே ஒரே அளவு தள்ளிப் போயிருந்தால் இந்த மாதிரி ஏதோ நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உதட்டசைவு மெதுவாக விலகுவது வேறு நோய், அது முதலில் சொன்ன ஃபிரேம் வேகச் சிக்கல்.

17 துண்டையும் கையால் நகர்த்த ஆரம்பித்து மூன்றாவதில் நிறுத்தினேன். அவசியமே இல்லை. நகர்த்திய மூன்றையும் அன்டூ செய்தேன். `moolam` பூட்டியபடி இருக்கிறது, அதிலிருந்து பழைய கட்டளையை `-ss` இல்லாமல் மறுபடி ஓட்டினேன், அதே பெயரில். ஃபைல் முடிந்ததும் 17 துண்டும் தத்தம் இடத்தில் வந்து நின்றன. நகலைக் கெடுத்தேன், மூலம் இருந்ததால் நகலைத் திரும்பச் செய்துகொண்டேன். நகல் இல்லாமல் நேரடியாக மூலத்தையே வெட்டியிருந்தால் அந்த 40 விநாடி போயே போயிருக்கும்.

பட எடிட்டிங்கில் இது புதுசும் இல்லை. ஃபிலிம் இருந்த காலத்தில் எடிட்டர் கத்தரித்தது நெகட்டிவிலிருந்து எடுத்த பிரிண்டைத்தான், நெகட்டிவ் லேபில் பத்திரமாக இருக்கும். ஃபிலிம் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களைக் குறித்து அனுப்புவார்கள், எல்லாம் முடிவான பிறகு அந்த எண்களைப் பார்த்து நெகட்டிவைக் கையுறை போட்டுக்கொண்டு வெட்டி ஒட்டுவார்கள். அங்கே கடைசி வெட்டு நிஜமான வெட்டு, திரும்ப முடியாது. நமக்கு அந்தக் கடைசி வெட்டும் கிடையாது, ரெண்டர் செய்தால் புதிதாக ஒரு ஃபைல் பிறக்கிறது, அவ்வளவுதான்.

இதில் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, மூலம் பத்திரம், ஆனால் என் வேலை பத்திரமில்லை. ஒரு ராத்திரி, பாட்டி பேசுவதை முதலில் வைக்காமல் விரித்த வேட்டியில் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று முழுவதையும் கலைத்து அடுக்கிப் பார்த்தேன், பிடிக்கவில்லை, ஆனால் வழக்கப்படி கண்ட்ரோல் எஸ் தட்டிக்கொண்டே இருந்து மூடிவிட்டேன். காலையில் பழைய அடுக்கு இல்லை. எண்கள் எழுதிய அந்த ஒரே காகிதத்தின் மேல்தானே ஒவ்வொரு சேவும் எழுதுகிறது! நல்லவேளை, கேடன்லைவ் சேவ் செய்யும்போது பழைய வடிவங்களைத் தனியாக வைத்துக்கொள்கிறது, File மெனுவில் `Open Backup File` என்பதில் தேதி நேரத்தோடு பட்டியல் வருகிறது. முந்தைய மாலை வடிவம் கிடைத்தது. அதற்கப்புறம் ஏதாவது கலைத்துப் பார்க்கத் தோன்றினால் முதலில் `vadagam_04`, `vadagam_05` என்று வேறு பெயரில் சேவ் செய்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். ஒரு எம்பிகூட இல்லாத ஃபைல், நூறு வைத்தாலும் ஒரு போன் வீடியோ அளவுக்கு வராது.

அப்புறம் நிஜமாகவே அழிக்கும் இடங்கள் சில இருக்கின்றன. கேடன்லைவின் Project Bin என்ற க்ளிப் பட்டியலிலிருந்து ஒரு க்ளிப்பை நீக்கினால் பட்டியலிலிருந்துதான் போகும், ஆனால் Project Settings உள்ளே ஃபைல்கள் தாவலில் பயன்படுத்தாத க்ளிப்களை வட்டிலிருந்தே அழிக்கும் பட்டன் ஒன்று உண்டு. எச்சரித்துவிட்டுத்தான் செய்யும், ஆனால் "பயன்படுத்தாத" என்பது இன்றைய வடிவத்தில் பயன்படுத்தாதது, நாளைக்குத் தங்கை என்ன கேட்பாள் என்று அதற்கு எப்படித் தெரியும். போனின் கேலரியில் டிரிம் செய்யும்போதும் நகலாகச் சேமிக்கிறதா பழையதன் மேலேயே எழுதுகிறதா என்று பாருங்கள். சில போன்களில் இரண்டு பட்டனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வட்டு போனால் மூலமும் போகும், அதற்குப் பூட்டு உதவாது. `moolam` ஃபோல்டரின் இன்னொரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து ரெண்டர் முடிந்ததும் முதலில் செய்தது சோதனை:

```
cd ~/vadagam/moolam
sha256sum -c ../moolam.sha256
```

14 ஜிபியையும் படித்து முடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆயிற்று. வரிசையாக `VID_20240512_061204.mp4: OK` என்று 23 வரி. ஒன்றில்கூட `FAILED` இல்லை. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் "கையெழுத்து ஒத்துப்போகுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டுப் பாட்டிக்குக் காட்டினோம். 12 நிமிடமும் பேசாமல் பார்த்தார். முடிந்ததும் என்னிடம், "எல்லாம் சரி, நான் உப்பைப் பார்த்து முகத்தைச் சுளிச்சதை எதுக்குடா ஊருக்குக் காட்டுற?" என்றார். தங்கை வாயைத் திறப்பதற்குள் மடிக்கணினியைத் திறந்து `vadagam_09` என்று சேவ் செய்துகொண்டு, அந்தத் துண்டின் வலது ஓரத்தைப் பிடித்து 110 ஃபிரேம் உள்ளே தள்ளினேன். சுளிப்பு இருக்கும் `vadagam_08` தங்கைக்கு மட்டும்.